ஃபத்வாவுக்கு ‘மார்க்கத் தீர்ப்பு’ சரியா?

காரைக்குடி, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். சட்டச் சொற்களைத் தொகுக்கும் வேலை ‘ஃபத்வா’வில் நிற்கிறது. நாளிதழ்களில் ‘மதக் கட்டளை’ என்று வருகிறது, முஸ்லிம் இதழ்களில் ‘மார்க்கத் தீர்ப்பு’ என்று வருகிறது. இரண்டாவதையே எடுத்துக்கொள்ளலாமா?

தேவகோட்டை, வழக்கறிஞர்:
தீர்ப்பு என்ற சொல் வேண்டாம். ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை, அதை யார் மீதும் திணிக்க முடியாது என்று 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளிவாசலில் யாராவது ஒரு பெரியவர் சொல்லும் யோசனைதானே அது? ‘மதக் கருத்து’ என்று போட்டு முடித்துவிடுங்கள்.

புதுவயல், அரபு ஆசிரியர்:
வக்கீல் ஐயா சொன்னதில் முதல் பாதி சரி. அந்த வழக்கில் ஃபத்வா கொடுப்பதைத் தடைசெய்யும்படி கேட்டார்கள், நீதிமன்றம் தடைசெய்யவில்லை. சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள் கேட்டதற்காக ஒரு தனி மனிதருடைய விஷயத்தில் ஃபத்வா எழுதக் கூடாது என்றுதான் அறிவுறுத்தியது.

‘யாராவது ஒரு பெரியவர்’ என்பதுதான் சரியில்லை. ஆலிம் படிப்பை முடித்த பிறகு, ஃபத்வா எழுதும் மூத்த அறிஞரான முஃப்தியிடம் உட்கார்ந்து கேள்விகளுக்கு விடை எழுதித் தனியாகப் பழக வேண்டும். எங்கள் இமாமே சிக்கலான கேள்வி வந்தால் வேலூர் மதரஸாவில் உள்ள முஃப்திக்கு எழுதிக் கேட்கச் சொல்வார்.

ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் 5 லட்சம் ரூபாய் கொடுத்து ஒத்திக்கு வீடு பேசினார். மூன்று வருஷம் வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். இது கூடுமா என்று எழுதிக் கேட்டார். கொடுத்த பணம் கடன், வாடகையில்லாமல் குடியிருப்பது அந்தக் கடனால் வரும் ஆதாயம், அது வட்டியைச் சேர்ந்தது, ஆகவே கூடாது என்று பதில் வந்தது. அவருடைய மச்சானும் கேட்டார். ஆனால் அவர் கேள்வியில் இருந்தது 1 லட்சம் முன்பணமும் ஊர் நடப்புக்கு ஒத்த மாத வாடகையும். கூடும் என்று பதில். முதல் ஆள் மச்சானின் தாளை வாங்கிக் காட்டி, “பாருங்க, ஃபத்வாவே இருக்கு” என்று வீட்டுக்காரரிடம் ஒத்தியை முடித்துவிட்டார்!

இரண்டு பதிலும் சரிதான். முஃப்தி வீட்டுக்காரரைக் கூப்பிடவில்லை, சாட்சி கேட்கவில்லை. தாளில் எழுதியிருந்ததற்கு மட்டும் பதில் சொன்னார். ஃபத்வாவைக் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அதனால்தான். கடைசியில் ‘அல்லாஹ்வே நன்கறிந்தவன்’ என்ற பொருளில் ‘வல்லாஹு அஃலம்’ என்று எழுதி முடிப்பார்கள். இரு தரப்பையும் விசாரித்து முடிவு சொல்வது காஜியின் வேலை. தீர்ப்பு என்ற சொல்லை முஃப்திக்குக் கொடுத்துவிட்டால் காஜிக்கு எதைக் கொடுப்பீர்கள்?

அதற்காக வெறும் கருத்து என்றும் விட முடியாது. நம்பிக் கேட்டவர் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர் என்று நினைக்கிறார். அது அவருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. அதை நிறைவேற்றக் கோர்ட்டு அமீனா வந்து நிற்க மாட்டார். உண்மையை மறைத்துக் கேட்டு வாங்கிய ஃபத்வா கூடாததைக் கூடியதாக்கவும் செய்யாது. என் யோசனை ‘மார்க்க விடை’.

கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி:
தம்பி, எங்கள் வளவு வீட்டுப் பங்கில் தகராறு வந்தபோது பெரியவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஒருவர் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஃபத்வா மாதிரிதானா? எங்கள் வீட்டையும் ஒத்திக்கு விட்டிருக்கிறோம், அது தப்பா?

புதுவயல், அரபு ஆசிரியர்:
ஆச்சி, அங்கே எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கிறார்கள். அது பஞ்சாயத்து, காஜி செய்வதற்குத்தான் பக்கம். ஒத்தி பற்றி நான் சொன்னது மார்க்கத்தின்படி கேட்டவருக்கு வந்த பதில். உங்கள் வீட்டை அது தொடாது.

பினாங்கு, பள்ளத்தூர்க்காரர்:
‘விடை’ எங்களுக்குப் போதாது. மலேசியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நியமித்த முஃப்தி இருக்கிறார். ஃபத்வா மாநில அரசிதழில் வெளியாகிவிட்டால், அந்த மாநில முஸ்லிம்களை அது சட்டப்படியே கட்டுப்படுத்தும். மீறினால் ஷரியா நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள். அதை விடை என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

தேவகோட்டை, வழக்கறிஞர்:
இது எனக்குப் புதுச் செய்தி. அப்படியானால் ‘கருத்து’ம் நிற்காது. ஆனால் அரசிதழில் வந்ததால் வரும் வலு அந்த மாநிலச் சட்டத்தின் வலு, ஃபத்வாவின் வலு அல்ல என்று வாதிடலாமே?

இளையான்குடி, இதழ் ஆசிரியர்:
பாய், உங்கள் காரணம் சரி. ஆனாலும் நம் மக்கள் எத்தனையோ வருஷமாக ‘மார்க்கத் தீர்ப்பு’ என்றே சொல்கிறார்கள். என் வாசகர் ‘மார்க்க விடை’ என்று படித்தால் கேள்வி-பதில் பகுதி என்று நினைத்துக்கொள்வார். சொல்லை மாற்றும் உரிமை தொகுப்பாளருக்கு இருக்கிறதா?

காரைக்குடி, மொழிபெயர்ப்பாளர்:
சரி, இப்படிப் போடுகிறேன். ‘ஃபத்வா’வை அப்படியே வைத்து, பக்கத்தில் ‘மார்க்க விடை’. ‘மார்க்கத் தீர்ப்பு’ வழக்கில் உண்டு என்று ஒரு வரி, காஜியின் முடிவு வேறு என்று இன்னொரு வரி. ‘மதக் கட்டளை’ போகட்டும். அரசிதழில் வந்த ஃபத்வாவுக்கு ஒன்றும் எழுதவில்லை. பினாங்கு அண்ணன், அங்கே உள்ள தமிழ் நாளிதழ்கள் அதை எப்படி எழுதுகின்றன என்று இரண்டு நறுக்குகள் அனுப்புங்கள், பார்த்துவிட்டுத் திரும்பப் பேசலாம்.