புதுப்பிப்பு: கடைசி இரண்டு விடைகளில் தடுமாறியது

“நான்கு விடைகளில் இரண்டை நீக்கிவிடுகிறேன். மிச்சம் இரண்டில் தவறானதைத்தான் தொடுகிறேன். ஏன்?” மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

வில்லியனூர் அண்ணன் சொன்னபடி, மாதிரித் தேர்வுகளில் தவறவிட்ட 31 கேள்விகளை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே ‘இதை ஏன் தேர்ந்தெடுத்தேன்’ என்று ஒரு வரி எழுதினேன். 19 இடத்தில் ஒரே வரிதான் வந்தது: ‘இது உண்மை என்று தெரியும்.’

ஒன்றைச் சொல்கிறேன். புதுச்சேரி முதலிய நான்கு பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த நாள் எது? கீழூர் வாக்கெடுப்பு நடந்த 18.10.1954, ஒப்பந்தம் கையெழுத்தான 28.5.1956 இரண்டையும் நீக்கிவிட்டேன். மிச்சம் 1.11.1954, 16.8.1962. நவம்பர் 1 எங்கள் ஊரில் விடுமுறை, சின்ன வயதிலிருந்தே தெரிந்த நாள். அதையே தொட்டேன். ஆனால் அன்று கைமாறியது நிர்வாகம் மட்டும். ‘சட்டப்படி’ என்ற சொல்லுக்கு 1962 மட்டுமே பொருந்தும்.

இப்போது கேள்வியில் ‘சட்டப்படி’ போன்ற அந்த ஒரு சொல்லை அடிக்கோடிட்டு, ‘இது எதை விலக்குகிறது?’ என்று பார்க்கிறேன். எது சரி என்று தேடுவதில்லை.

முதலில் தோன்றியதை மாற்றாதே என்றார் ஒரு நண்பர். பாதி சரி. காரணமில்லாமல் மாற்றிய இடங்களில் நானும் இழந்திருக்கிறேன், ஆனால் அந்த 19-இல் முதலில் தோன்றியதுதான் தவறு. கடலூர்த் தோழி வங்கித் தேர்வில் தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போவதைப் பற்றியே கேட்டார். அது கேள்வியை விட்டுவிடலாமா வேண்டாமா என்கிற வேறு கணக்கு.

கூற்று-காரணம் கேள்விகளில் மட்டும் இந்த வழி இன்னும் சரியாக வரவில்லை. இரண்டு வாக்கியமும் உண்மையாக இருந்து, ஒன்று மற்றதற்குக் காரணமா என்று கேட்டால் அங்கேயே நிற்கிறேன். அதற்கு வழி தெரிந்தால் யாராவது சொல்லுங்கள்.