1935 பத்திரத்துல 38 வயசு

குழு: பாலக்கோடு சொந்தங்கள்

மணி: [படம்] கொள்ளுத் தாத்தா எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம், பரண்ல கிடைச்சது. "சேலம் ஜில்லா தருமபுரி தாலூகா"ன்னு ஆரம்பிக்குது. பவ வருஷம் தை மாதம் 15 தேதி. "வயது 38". வம்சாவளில பொறந்த வருசம் எவ்ளோன்னு போடட்டும்?

பிரபு: பவ வருஷம்னா 1934. 38 கழிச்சா 1896. முடிஞ்சுது 👍

நடேசன் மாமா: அவசரப்படாதப்பா. பவ 1934 சித்திரையில பொறந்தது. தை வர்றதுக்குள்ள இங்கிலீஷ் வருசம் மாறிடுச்சு. அது 1935 ஜனவரி. மணி, பின்பக்கத்தையும் போடு.

மணி: [படம்] 1935 பிப்ரவரி 6ல தாக்கல் ஆகியிருக்கு மாமா.

நடேசன் மாமா: ஒத்து வருது. எழுதி நாலு மாசத்துக்குள்ள தாக்கல் பண்ணா போதும், அதனால ரெண்டு தேதியும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. வயசு முன்பக்கத்துல, எழுதுறப்ப சொன்னது. அந்தத் தேதிய வச்சுத்தான் கணக்கு. தை 15னா ஜனவரி 28 வாக்குல.

பிரபு: சரி மாமா, 1935ல 38 போனா 1897. ஒரு வருசம்தானே மாறுது.

நடேசன் மாமா: அங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. 38 முடிஞ்ச ஆளுன்னா, 1896 ஜனவரி 29ல இருந்து 1897 ஜனவரி 28 வரைக்கும் எந்த நாள் வேணா பொறந்திருக்கலாம். அதுல 1897க்கு 28 நாள்தான் இருக்கு, மீதி மொத்தமும் 1896. பத்திரம் டிசம்பர்ல எழுதினதுன்னா வெறும் கழித்தலே பெரும்பாலும் சரியா வரும். இங்கிலீஷ் வருச ஆரம்பத்துல எழுதினதுன்னா இன்னும் ஒண்ணு கழிக்கணும்.

பிரபு: அப்ப நான் முதல்ல சொன்ன 1896தானே 😎

நடேசன் மாமா: விடை வந்துச்சு, வழி தப்பு.

கோகிலா அத்தை: என் ஆதார்ல வெறும் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கு, தேதியே இல்ல. இந்த மாதிரி பழைய பத்திரம் காட்டினா தேதி போட்டுத் தருவாங்களா?

மணி: அத்தை, இது கொள்ளுத் தாத்தாவுக்கு 😄

ராஜா சித்தப்பா: எங்க அப்பா எப்பவும் சொல்வாரு, தாத்தா தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவர்னு. அது 1876. படத்தப் பெருசாக்கிப் பாருங்க, அது 38 இல்ல, 58. மை மங்கிக் கிடக்கு.

நடேசன் மாமா: சந்தேகம் நியாயம்தான் ராஜா. மூணும் அஞ்சும் மங்கினா ஒண்ணாத்தான் தெரியும். வேற பத்திரம் ஏதாச்சும் இருக்கா மணி?

மணி: மானாவாரி நிலத்து அடமானப் பத்திரம் ஒண்ணு இருக்கு. 1943 செப்டம்பர் 10. [படம்] வயசு 46, எழுத்துலயும் "நாற்பத்தாறு"ன்னு போட்டிருக்கு.

நடேசன் மாமா: அப்ப 58 நிக்காது. எட்டரை வருசம் கழிச்சு 66, 67 ஆகியிருக்கணும், 46க்கு இறங்க முடியாது. 38 ஆனா 46 சரியா ஏறுது. ரெண்டாவது பத்திரப்படி 1896 செப்டம்பர் 11ல இருந்து 1897 செப்டம்பர் 10க்குள்ள. ரெண்டு பத்திரத்துக்கும் பொதுவான துண்டு எதுன்னு பாரு: 1896 செப்டம்பர் 11 முதல் 1897 ஜனவரி 28 வரை. நாலரை மாசம்தான்.

மணி: மாமா 🙏 ஒரு வருசத்துல இருந்து நாலரை மாசமா!

நடேசன் மாமா: ஆடாத. நான் அத்தனை வருசம் பத்திரம் எழுதினவன். "வயசென்னய்யா"ன்னு கேப்போம், "முப்பத்தெட்டு நடக்குது"ம்பாங்க, 38னு போட்டுருவோம். அப்படின்னா முடிஞ்சது 37தான். ரெண்டு பத்திரத்துலயும் அப்படியே சொல்லியிருந்தா எல்லாம் ஒரு வருசம் தள்ளி 1897 செப்டம்பர் – 1898 ஜனவரி ஆயிடும்.

பிரபு: 40, 50னு இருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும்ல?

நடேசன் மாமா: நேர் எதிர். 40, 45, 50ஐத்தான் நான் நம்பவே மாட்டேன். பொறந்த தேதி தெரியாதவங்க முழுசாத்தான் சொல்வாங்க, அதுல மூணு நாலு வருசம் முன்ன பின்ன இருக்கும். 38, 46ங்கிறது யாரோ எண்ணிச் சொன்ன மாதிரி இருக்கு. ஆனா ஒரு விஷயம், அடமானம் எழுதினவர் பழைய கிரயப் பத்திரத்தப் பாத்து எட்டைக் கூட்டிப் போட்டிருந்தா இது ரெண்டாவது சாட்சியே இல்ல, முதல் சாட்சியோட நகல்.

மணி: அடமானம் வேற நிலம் மாமா. சர்வே நம்பர் வேற. எழுதினவர் பேரும் வேற.

நடேசன் மாமா: அப்ப கொஞ்சம் தைரியமா இருக்கலாம்.

ராஜா சித்தப்பா: பஞ்சக் கதை பொய்யா அப்ப? எங்க அப்பா பொய் சொல்ல மாட்டாரு.

நடேசன் மாமா: பொய்னு யார் சொன்னா? பஞ்சத்துல பொறந்தவர் அவருக்கு மூத்த அண்ணனா இருக்கலாம். கதை ஒரு ஆள் தள்ளி ஒட்டிக்கும்.

ராஜா சித்தப்பா: அண்ணன் இருந்ததா கேள்விப்பட்டதில்ல. நான் ஒத்துக்கல.

மணி: வம்சாவளில என்ன எழுத மாமா?

நடேசன் மாமா: "1896–98"னு போடு. பக்கத்துல "1935 கிரயம், 38, 1943 அடமானம், 46"னு சின்னதா எழுதிடு. நாளைக்கு யாராச்சும் திருத்தணும்னா எதைத் திருத்துறோம்னு தெரியணும்.

பிரபு: அவர் செத்தப்ப கிராம இறப்புப் பதிவுல வயசு எழுதியிருப்பாங்கல்ல?

நடேசன் மாமா: இருந்தா நல்லதுதான். ஆனா அது மகன் சொன்ன வயசு. பெரும்பாலும் 70, 75னுதான் இருக்கும்.

கோகிலா அத்தை: என் ஆதாருக்கு யாரும் பதில் சொல்லல.