'டங்' சத்தத்துக்கு முன்னாடி வெட்டவா, பின்னாடியா?

வணக்கம் மக்களே, லிப்சிங்க் வீடியோ எடுக்கிறவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கள். 12 நொடி ஆடியோ, நண்பர் எழுதிக் குரல் கொடுத்தது. மனைவி "குழம்புல உப்பு போதுமா?" என்கிறாள், ஒரு நொடி அமைதி, தட்டை வைக்கும் 'டங்', அப்புறம் கணவன் "போதும்மா, ஊருக்கே போதும்" என்கிறான். நானும் தங்கையும் நடிக்கிறோம்.

உதடு ஓரளவு பொருந்துகிறது. 'ப', 'ம' வரும் இடத்தில் வாய் மூடியே ஆக வேண்டும், அது தப்பினால் உடனே தெரிந்துவிடும் என்பதால் அந்த எழுத்துகளை மட்டும் தாளில் வட்டமிட்டுப் பழகுகிறோம். எவர்சில்வர் தட்டும் தயார், அது மேசையைத் தொடும் ஃப்ரேமை 'டங்' மேல் வைத்துவிடலாம்.

சந்தேகம் அந்த ஒரு நொடியில்தான். அமைதியிலேயே கணவன் முகத்துக்கு வெட்டினால் அவன் விழுங்க முடியாமல் முழிப்பது கிடைக்கும், ஆனால் பதில் முன்கூட்டியே தெரிந்துவிடுமோ? 'டங்' வரை மனைவி முகத்திலேயே நின்றால் சிரிப்பு மொத்தமும் வசனத்துக்குப் போகும், அவள் சும்மா காத்திருப்பது இழுவையாகவும் படலாம். நீங்கள் என்றால் எங்கே வெட்டுவீர்கள்?