கட்டுரையில் 74.04%, வகுத்தால் 64.32%: இப்படிப் பொருந்தாத எண்களைப் பார்த்தவர்கள் பகிருங்கள்

வகுத்தல்வாசி

செய்திக் கட்டுரையில் மேலே ஒரு சதவீதம் இருக்கும், கீழே எண்ணிக்கை அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை வகுத்தால் மேலே உள்ள சதவீதம் வருகிறதா? வராத இடங்களை இங்கே போடுங்கள். காரணம் பிடிபட்டிருந்தால் அதையும் எழுதுங்கள்.

முதல் உருப்படி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய ஒரு கட்டுரை. “இந்திய மக்களில் 74.04 சதவீதம் பேர் எழுத்தறிவு பெற்றவர்கள்” என்கிறது. கீழே அட்டவணையில் மொத்த மக்கள்தொகை 1,21,01,93,422. எழுத்தறிவு பெற்றவர்கள் 77,84,54,120. வகுத்தால் 64.32 தான் வருகிறது. பத்து சதவீதப் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. தட்டச்சுப் பிழை என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் அதே 74.04 வேறு பல இடங்களிலும் இருக்கிறது.

தாமிரபரணி

தட்டச்சுப் பிழை இல்லை. இப்படிப் பொருந்தாமல் போனால் நான் முதலில் சந்தேகப்படுவது கீழ் எண்ணை, அதாவது எதைக் கொண்டு வகுத்தார்களோ அந்த எண்ணைத்தான். “தப்பு” என்று எழுதுவதற்கு முன்னால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வகுபடும் மேல் எண் தெரியும், சதவீதமும் தெரியும். அப்படியானால் கட்டுரை எதைக் கொண்டு வகுத்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

77,84,54,120-ஐ 0.7404-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 105.14 கோடி வருகிறது. மொத்தம் 121.02 கோடி. ஆக, 15.88 கோடிப் பேர் கீழ் எண்ணிலிருந்து வெளியே போயிருக்கிறார்கள். இவர்கள் யார் என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரையின் அட்டவணையில் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள், 0-6 வயதுக் குழந்தைகள் என்று ஒரு வரி இருக்க வேண்டும். 2011 தற்காலிகக் கணக்கில் அந்த எண் 15,87,89,287. அதைக் கழித்துவிட்டு வகுத்தால் சரியாக 74.04.

நம் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் பார்க்கப்படுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தாலும் மேலேயும் சேராது, கீழேயும் சேராது. எண் சரி. “இந்திய மக்களில்” என்ற சொல்தான் பிசகு.

இன்னொன்று. 74.04 என்று இரண்டு தசமம் கொடுத்திருந்ததால்தான் இவ்வளவு நெருக்கமாகப் போக முடிந்தது. 74.04 என்றால் உண்மை 74.035-க்கும் 74.045-க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. அதனால் கீழ் எண் 105.133 முதல் 105.147 கோடிக்குள்தான் இருக்க முடியும். வெறுமனே “74 சதவீதம்” என்று முடித்திருந்தால் 104.49 முதல் 105.91 கோடி வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த அகலத்தில் தற்செயலாகப் பொருந்தும் எண்கள் நிறைய அகப்படும், ஏமாந்துவிடுவோம்.

மஞ்சள்பை

இவ்வளவு சுற்ற வேண்டாம் சார். ஆண், பெண் விகிதங்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் மொத்தம் வந்துவிடும். தமிழ்நாட்டுக்குப் பாருங்கள்: ஆண்கள் 86.81, பெண்கள் 73.86. சராசரி 80.335. கட்டுரையில் 80.33. அப்படியே பொருந்துகிறது. நான் எப்போதும் இப்படித்தான் சோதிப்பேன்.

தாமிரபரணி

அதே முறையை இந்தியா முழுமைக்கும் போட்டுப் பாருங்கள் மஞ்சள்பை. ஆண்கள் 82.14, பெண்கள் 65.46. சராசரி 73.80. கட்டுரை 74.04 என்கிறது. 0.24 உதைக்கிறது. உங்கள் முறையை நம்பினால் சரியான கட்டுரையைத் தப்பு என்று சொல்லிவிடுவீர்கள்.

தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 995 பெண்கள், ஏறக்குறைய சரிபாதி. அதனால் நேர்சராசரி தப்பித்துக்கொள்கிறது. இந்தியா முழுக்க எடுத்தால் 940 தான். ஏழு வயதுக்கு மேல் ஆண்கள் 54.08 கோடி, பெண்கள் 51.06 கோடி. ஆண்கள் கூடுதல், அவர்களின் விகிதமும் கூடுதல். அதனால் மொத்தம் ஆண் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. தலைகளைக் கூட்டி வகுக்க வேண்டும், சதவீதங்களைக் கூட்டி வகுக்கக் கூடாது. எழுத்தறிவு பெற்ற ஆண்கள் 44,42,03,762, பெண்கள் 33,42,50,358. இரண்டையும் கூட்டினால் மேலே சொன்ன 77,84,54,120 அப்படியே வருகிறது. அட்டவணைக்குள்ளேயே ஒரு சோதனை இது, முதலில் இதைச் செய்துவிடுவது நல்லது. உள்வரிகள் மொத்தத்தோடு சேரவில்லை என்றால் சதவீதத்தைத் தொடுவதிலேயே அர்த்தம் இல்லை.

மஞ்சள்பை

தமிழ்நாட்டுக்குச் சரியாகத்தானே வருது. மாவட்டக் கட்டுரைகளுக்கு நான் இதையே வைத்துக்கொள்கிறேன். ஒரு பார்வையில் பெரிய பிழை தெரிந்துவிடும்.

ராத்திரி ஷிஃப்ட்

இதே தலைப்பில் என் பிரச்சினை. அட்டவணையை இணையப் பக்கத்திலிருந்து எக்செலில் ஒட்டினேன். கூட்டுத்தொகை, கட்டுரையில் உள்ள மொத்தத்தைவிடக் குறைவாக வருகிறது. சில வரிகளில் வகுத்தால் பிழைச் செய்தி. கட்டுரைதானே தப்பு?

எழுத்தாணி

கட்டுரைமேல் பழி போடாதீர்கள், ஒட்டியதில்தான் கோளாறு. எண்கள் கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டி நிற்கின்றனவா பாருங்கள். நின்றால் அவை எக்செலுக்கு எண் இல்லை, எழுத்து. இணையப் பக்கத்திலிருந்து வரும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை இடைவெளி எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். SUM எழுத்தாக உள்ளதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியைக் கூட்டும், அதனால்தான் மொத்தம் குறைகிறது. பக்கத்து நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,CHAR(160),""),",",""))
```

சுத்தமான பிறகு மேல் எண்ணை B-யிலும், கீழ் எண்ணை C-யிலும், கட்டுரை சொன்ன சதவீதத்தை D-யிலும் வைத்தால் இது போதும்:

```
=ABS(D2-100*B2/C2)<=0.0051
```

இரண்டு தசமம் உள்ள சதவீதங்களுக்கான எல்லை இது. ஒரு தசமம் என்றால் 0.051, முழு எண் என்றால் 0.51. D-யில் 74.04 என்று மட்டும் அடியுங்கள். % குறியோடு அடித்தால் எக்செல் அதை 0.7404 என்று வைத்துக்கொள்ளும், எல்லா வரியும் FALSE காட்டும்.

ராத்திரி ஷிஃப்ட்

இடது ஓரம்தான். நன்றி. இரண்டு வரி மட்டும் இன்னும் FALSE. அதை அப்புறம் போடுகிறேன்.

கரிசல்காடு

நான் பார்த்தது வேறு மாதிரி. அதே எழுத்தறிவு விவகாரம், மூன்று கட்டுரைகள். ஒன்று “பத்தாண்டுகளில் 9.21 சதவீதம் உயர்வு” என்றது. அடுத்தது “14.2 சதவீதம் உயர்வு”. மூன்றாவது “38.8 சதவீதம் உயர்வு”. மூன்றையும் அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். மூன்றும் வருகிறது!

விகிதம் 2001-ல் 64.83, 2011-ல் 74.04. கழித்தால் 9.21. அது சதவீதப் புள்ளி. அந்த 9.21-ஐ 64.83-ஆல் வகுத்தால் 14.2. விகிதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினால் ஏறக்குறைய 56 கோடியிலிருந்து 77.8 கோடி, அது 38.8. மூன்றாமவர் செய்தது கணக்கில் சரி, ஆனால் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகையே 17 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. அதைச் சொல்லாமல் 38.8-ஐத் தலைப்பில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. முதலாமவர் “புள்ளி” என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் தகராறே இல்லை.

வகுத்தல்வாசி

அந்த 17-லேயே எனக்கு ஒரு சிக்கல். கட்டுரைகளில் 17.64. அட்டவணையில் 2001-க்கு 1,02,86,10,328 என்று போட்டிருக்கிறார்கள். 2011-க்கு மேலே சொன்ன 1,21,01,93,422. எனக்கு 17.65 வருகிறது. கடைசி இலக்கம்தான், ஆனால் முழுமையாக்கல் என்று சொல்ல முடியாது, 17.653 வருகிறது.

தாமிரபரணி

இது அருமையான உதாரணம். 2001-க்கு இரண்டு மொத்தங்கள் புழங்குகின்றன. மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மாவோ மராம், பாவோமாட்டா, புருல் ஆகிய மூன்று உட்கோட்டங்களின் முடிவுகள் அப்போது ரத்து செய்யப்பட்டன. நீங்கள் எடுத்த 1,02,86,10,328 அவை சேராத எண். பிறகு அவற்றுக்கு ஒரு மதிப்பீடு சேர்த்த மொத்தம் 1,02,87,37,436. 2011-ல் வெளியான வளர்ச்சி விகிதம் இந்த இரண்டாவதை வைத்துப் போட்டது. அதில் வகுத்தால் 17.64. கட்டுரை சதவீதத்தை ஒரு ஆவணத்திலிருந்தும் எண்ணிக்கையை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய எண்களில் கடைசி இலக்கம் உதைத்தால் முழுமையாக்கலைக் குற்றம் சொல்லாதீர்கள், அது பெரும்பாலும் பதிப்பு மாறிய தடயம்.

2011-க்கும் அப்படியே. 31 மார்ச் 2011-ல் வந்தது தற்காலிகக் கணக்கு. இறுதிக் கணக்கில் மொத்தம் 1,21,08,54,977 ஆனது, வளர்ச்சி 17.70. எழுத்தறிவு 72.98-க்கு இறங்கிவிட்டது. தமிழ்நாட்டின் 80.33-ம் 80.09 ஆனது. ராத்திரி ஷிஃப்ட், உங்கள் இரண்டு வரியும் இந்த வகையா பாருங்கள்.

நொச்சிப்பூ

கோடிக்கணக்கில் இருந்தால் இது சரி. சின்ன அட்டவணையில் பொருந்தாததைப் பிடிப்பது இன்னும் எளிது. ஒரு கட்டுரையில் 37 பேரிடம் கேட்டதாகவும் 42 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றதாகவும் இருந்தது. 15 பேர் என்றால் 40.5, அதாவது 41. 16 பேர் என்றால் 43. 37-ல் 42 என்பது வரவே முடியாது. எத்தனை பேர் ‘ஆம்’ என்றார்கள் என்று அட்டவணையில் இல்லாவிட்டாலும் இது தெரிந்துவிடுகிறது.

எழுத்தாணி

ஒருவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தால்? 36-ல் 15 என்றால் 41.67, அது 42 ஆகிவிடும். பொய் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கீழ் எண்ணை ஒன்றிரண்டு குறைத்துப் பாருங்கள். சதவீதம் பொருந்தினால், விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று கட்டுரையாளரிடம் கேட்கலாம்.

கரிசல்காடு

எல்லாம் சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். “இந்திய மக்களில் 74.04 சதவீதம்” என்று எழுதியதைப் பிழை என்று ஆசிரியருக்கு எழுதலாமா? எண் அதிகாரப்பூர்வமானது. எழுத்தறிவு விகிதம் என்றாலே ஏழு வயதுக்கு மேல்தான் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும்.

தாமிரபரணி

துறையில் உள்ளவர் அந்தக் கட்டுரையைப் படித்தா தெரிந்துகொள்ளப் போகிறார்? 121 கோடியையும் 74.04-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பவர் பெருக்கி 89.6 கோடி என்று எழுதிவிடுவார். உண்மையில் 77.8 கோடி. நான் எழுதுவேன்.

கரிசல்காடு

நான் அட்டவணைக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லி மட்டும் கேட்பேன். பிழை என்ற சொல்லைப் போட்டால் பதிலே வராது.

ராத்திரி ஷிஃப்ட்

பார்த்துவிட்டேன். ஒரு வரி தற்காலிகக் கணக்கின் எண்ணிக்கை, இறுதிக் கணக்கின் சதவீதம். இன்னொரு வரி எதிலும் சேரவில்லை. மாவட்டம் ஒன்று, 0-6 கழித்தும் 1.3 உதைக்கிறது. அட்டவணையைப் படமாகப் போடட்டுமா?