புதுப்பிப்பு: தளம் சரிந்ததைக் காப்புறுதிக்கு அறிவித்தது

நான் கேட்டது: "வெள்ளவத்தையில் கொங்கிரீட் ஊற்றும்போதே இரண்டாம் மாடித் தளம் சரிந்துவிட்டது, ஆட்களுக்குக் காயமில்லை. கட்டுமான வேலைகளுக்கான சி.ஏ.ஆர். காப்புறுதிக்கு எப்போது, எதை இணைத்து அறிவிப்பது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. "முழு அறிக்கைக்குக் காத்திராதீர்கள், இன்றே இரண்டு வரி அனுப்புங்கள்" என்ற பொறியியலாளர் அண்ணாவின் யோசனைதான் பலித்தது. அன்று மாலையே திகதி, நேரம், உத்தேச இழப்பு மட்டும் எழுதி அனுப்பினோம். விவரங்களுக்கு எங்கள் பத்திரம் 14 நாள் தந்திருந்தது. இடிபாட்டை உடனே அகற்றச் சொன்னவர் பாதி சரி. ஆபத்தாகத் தொங்கிய பகுதியைப் படமெடுத்து அகற்றினோம்; மிச்சத்தை மதிப்பீட்டாளர் வரும்வரை தொடவில்லை. தன் கார் விபத்துக் கோரிக்கையை விவரித்த தம்பி, இது அந்தக் கார் இல்லை.

எதிர்பாராதது ஒன்று. மதிப்பீட்டாளர் படங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கொங்கிரீட் லொறிச் சீட்டுகளையும் வேலைத்தள நாட்குறிப்பையும்தான் துருவினார். சரிவுக்கு முன் 18 கன மீற்றர் ஊற்றியதைச் சீட்டுகளே நிரூபித்தன. ஆனால் நாட்குறிப்பில் சரிவுக்கு முந்தைய நாள் பக்கத்தின் ஓரத்தில் மேற்பார்வையாளர், தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பற்றி, "நான்கு முட்டுகள் குறைவு" என்று பென்சிலால் எழுதியிருந்தார். மறைக்காமல்தான் இணைத்திருந்தோம். முட்டுக் குறையைச் சரிசெய்யும் செலவு கிடைக்காதாம். அந்தக் குறையால் சேதமான தளத்துக்குக் கிடைக்குமாம். இடிபாடு அகற்றிய செலவு மட்டும் இன்னும் இழுபறி: பத்திரத்தில் அதற்குத் தனித்தொகை குறிக்க நாங்கள் மறந்திருந்தோம்.