டைஜஸ்டிலிருந்து பதில் போடுகிறவர்களை என்ன செய்வது?

புள்ளிமீன்கொத்தி:
எங்கள் பறவை பார்ப்போர் குழுவுக்கு மெயில்மேன் 2.1-இல் ஒரு மடலாடற்குழு ஓடுகிறது. பாதிப் பேர் டைஜஸ்டில், அதாவது அன்றைய மடல்களை எல்லாம் ஒரே தொகுப்பு மடலாகப் பெறும் முறையில் இருக்கிறார்கள். அவர்கள் பதில் போட்டால் "Digest, Vol 41, Issue 9" என்று தலைப்பு வருகிறது, கீழே முழுத் தொகுப்பும் தொங்குகிறது. டைஜஸ்டையே நிறுத்திவிடலாமா? கூடவே ஒன்று: பதில் குழுவுக்குப் போகும்படி வைப்பதா, எழுதியவருக்கு மட்டுமா?

கரைவேட்டி:
நிறுத்துங்கள். தனி மடல் அதிகம் வருகிறது என்பவர்கள் ஃபில்டர் போட்டு ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிக்கொள்ளட்டும். `reply_goes_to_list`-ஐ எழுதியவர் பக்கம் வைத்துவிடுங்கள். "நன்றி", "அருமை" எல்லாம் உரியவருக்கே போய்விடும், டைஜஸ்ட்காரர்கள் தொல்லையும் தீரும்.

மாலைநேரம்:
நான் டைஜஸ்ட் ஆள்தான். ஒரு நாளைக்கு ஒரு மடல், மாலையில் டீயோடு படித்துவிடுவேன். வருடத்துக்கு ஓரிரு முறைதான் எழுதுவேன். சிலர் ஒழுங்காகப் பதில் போடவில்லை என்பதற்காக என் வசதியை ஏன் பிடுங்க வேண்டும்?

வாடகைசர்வர்:
கரைவேட்டி சார் சொன்னது தனி மடலுக்கு மட்டும்தான் சரி. மெயில்மேன் தொகுப்பு மடலை அனுப்பும்போதே அதன் `Reply-To`-வில் குழுவின் முகவரியைப் போட்டுவிடுகிறது. `reply_goes_to_list` எப்படி இருந்தாலும் இது மாறாது. ஆகவே டைஜஸ்டைத் திறந்து Reply அழுத்தினால் "நன்றி" நேரே குழுவுக்குத்தான் வரும்.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. தொகுப்பின் அளவு 30 கேபியைத் தொட்டால் அன்றைய நேரத்துக்குக் காத்திராமல் உடனே அனுப்பு என்பது மெயில்மேனின் இயல்பு அமைப்பு. ஒருவர் 30 கேபி தொகுப்பை அப்படியே கீழே விட்டு மேலே "நன்றி" என்று எழுதினால், மேற்கோள் குறிகளும் சேர்ந்து அந்த ஒரு மடலே 30-ஐத் தாண்டிவிடும். உடனே இன்னொரு டைஜஸ்ட் கிளம்பும். அதில் இருப்பது பழைய டைஜஸ்டும் ஒரு நன்றியும்தான். "ஒரு நாளைக்கு ஒரு மடல்" என்று நம்பியவருக்கு அன்று மூன்று வரும்.

மாலைநேரம்:
அடடா, அதுதானா! எனக்குச் சில நாள் இப்படி வந்திருக்கிறது, யாரோ ஸ்பாம் அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன்.

சின்னக்கிளி:
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான், காலை வணக்கம் தாங்க முடியவில்லை. அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிய பிறகுதான் நிம்மதி. நீங்களும் அப்படிச் செய்யலாமே?

வாடகைசர்வர்:
அப்படிச் செய்தால் யாரும் பறவை பற்றியே எழுத முடியாதே!

புள்ளிமீன்கொத்தி, டைஜஸ்டை நிறுத்தாமல் நிர்வாகப் பக்கத்தில் `header_filter_rules`-இல் இந்த ஒரு வரியைப் போட்டு, செயலை Hold என்று வையுங்கள்:

```
^subject:.*re:.*digest, vol
```

தலைப்பை மாற்றாத பதில்கள் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். Reject வேண்டாம். ஏன் திரும்பியது என்று அந்த மனிதருக்குப் புரியாது, கோபம்தான் வரும். நிறுத்தி வைத்து, "தலைப்பை மாற்றி, தேவையான நாலு வரியை மட்டும் விட்டுத் திரும்ப அனுப்புங்கள்" என்று நீங்களே எழுதுங்கள்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களை மைம் டைஜஸ்டுக்கு மாறச் சொல்லலாம். அதில் ஒவ்வொரு மடலும் தனி இணைப்பாக, தன் `Message-ID`-யோடு வரும். அதைத் திறந்து பதில் போட்டால் பதில் பழைய உரையாடலோடு ஒட்டிக்கொள்ளும். ஜிமெயிலில் படிப்பவர்களுக்கு இது சரிப்படாது, இணைப்பு இணைப்பாகத் திறந்து சலித்துப்போவார்கள்.

கரைவேட்டி:
சரி, டைஜஸ்ட் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் தனி மடலுக்கு எழுதியவர் பக்கம்தான் வைக்க வேண்டும். நான் இருந்த ஒரு குழுவில் பதில் குழுவுக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். ஒருவர் தன் சம்பளப் பிரச்சினையை நண்பருக்கு எழுதுவதாக நினைத்து ஊருக்கே எழுதிவிட்டார். போன மடலைத் திரும்பப் பிடிக்க முடியாது. குழுவுக்குப் போக வேண்டியது ஒருவருக்கு மட்டும் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம்.

புள்ளிமீன்கொத்தி:
எங்களுக்கு நேர்மாறான தொல்லை அண்ணா. "இந்தக் கழுகு எது?" என்று ஒருவர் படம் போடுகிறார். விடை அவருக்கு மட்டும் போய்விடுகிறது. அதே கழுகை நாலு பேர் நாலு முறை கேட்கிறார்கள், காப்பகத்தில் கேள்விகள் மட்டுமே இருக்கின்றன.

வாடகைசர்வர்:
தண்டர்பேர்டில் Reply List என்று ஒரு பட்டன் உண்டு. மடலில் இருக்கும் `List-Post` வரியைப் பார்த்துக் குழுவுக்கு மட்டும் அனுப்பும். ஜிமெயிலில் அது கிடையாது, Reply all-தான் வழி. உங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் வரும் என்றால் எழுதியவர் பக்கமே இருக்கட்டும்.

புள்ளிமீன்கொத்தி:
வராது. எல்லாரும் ஃபோனில்தான். ஃபில்டரை இன்றே போடுகிறேன். பதிலைக் குழுவுக்கே வைத்துவிட்டு, மடலின் அடிக்குறிப்பில் "உங்கள் பதில் எல்லாருக்கும் போகும்" என்று சேர்க்கப்போகிறேன்.

கரைவேட்டி:
அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?