ஆட்டு ஈரல் மையநீக்கம்: இழைமணி முழுக்க முதல் பெலட்டிலேயே போய்க் கிடக்கு, ஏன்?

உப்புவெளிக்காரி:
வணக்கம். செய்முறை ஒண்டுக்காக ஆட்டு ஈரலில இருந்து கலப்புன்னங்கங்களைப் பிரிக்கிறம். காலமை திருகோணமலை மார்க்கெட்டில வெட்டின ஈரலை ஐஸ் பெட்டியில வச்சு அரை மணித்தியாலத்துக்குள்ள ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்தனாங்கள். 5 கிராம் ஈரலை 45 மில்லிலீற்றர் குளிர்ந்த 0.25 மோலர் சுக்குரோசுக் கரைசலில, தெஃப்லான் உலக்கை போட்ட கண்ணாடிக் குழாயில நாலு தரம் மேலும் கீழும் இழுத்து அரைச்சு, துணியில வடிச்சம். தாளில இருந்தபடி 3000 சுற்றில 10 நிமிசம் சுத்தினம், அடியில படிஞ்சதுதான் முதல் பெலட். மேல்திரவத்தை எடுத்து 9000 சுற்றில இன்னொரு 10 நிமிசம்.

இழைமணி எங்க கிடக்கு எண்டு பார்க்க, இழைமணியில இருக்கிற நொதியான சக்சினேற்று டிஹைட்ரோஜனேஸை அளந்தம். டிசிபிஐபி சாயத்தின்ர நீலம் எவ்வளவு வேகமாப் போகுது எண்டு பார்க்கிற முறைதான். அரைச்ச கலவையில இருந்த மொத்தத் தாக்கத்தை 100 எண்டு வச்சால், கரு இருக்க வேண்டிய முதல் பெலட்டில 61, இழைமணி இருக்க வேண்டிய ரெண்டாவதில 22, மிச்சத் திரவத்தில 9. தலைகீழா வந்திட்டுது. எங்க பிழைச்சம்?

லேப்_முரளி:
தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி லேப்பில இருக்கிறன். நாங்களும் 3000 சுற்றுத்தான், 10 நிமிசம். சீரம் கண்ணாடி மாதிரி வரும், பிரச்சினையே இல்லை. எதிர் எதிர்க் குழாய் ரெண்டும் ஒரே நிறையா எண்டு தராசில பார்த்தனீங்களா? போன மாசம் எங்கட மெசின் மேசையோட சேர்ந்து ஆடினது, பார்த்தால் ஒரு குழாயில பாதிதான் இரத்தம்.

உப்புவெளிக்காரி:
பார்த்தனாங்கள் அண்ணா. மெசின் ஆடேல்லை.

கலவியல்_2:
விசயம் லேசு. கனமானது முதல் விழும். கருவின்ர அடர்த்தி கூட, அதால கரு முதல் விழுது. நீங்கள் கூட நேரம் சுத்தினதால இழைமணியும் விழுந்திட்டுது. 10 நிமிசத்தை 3 ஆக்குங்கோ.

பழைய_டெமோ:
கலவியல் தம்பி சொன்னதில பாதி சரி. கூடச் சுத்தினால் இழைமணியும் இறங்கும், உண்மை. ஆனால் முதல் ரெண்டு சுத்திலயும் பிரிக்கிறது முக்கியமா பருமன், அடர்த்தி இல்லை. விழுற வேகம் விட்டத்தின்ர வர்க்கத்தோட கூடும். ஈரல் கலத்தின்ர கரு 6 மைக்ரோமீற்றர், இழைமணி 1 எண்டு வச்சால், அடர்த்தி ஒண்டாவே இருந்தாலும் கரு 36 மடங்கு வேகமா இறங்கும். சல்லியும் மணலும் ஒரே கல்லுத்தான், வாளித் தண்ணியில போட்டால் சல்லிதானே முதல் போய் அடியில இருக்குது?

அதே வாளியைக் கலக்கி விட்டுப் பாருங்கோ. சல்லி முழுக்க அடிக்குப் போறதுக்குள்ள, அடிக்குப் பக்கத்தில நிண்ட மணலும் படிஞ்சிடும். குழாயிலயும் இதே கதை. ஒரு சுத்தில சுத்தமான கருப் பெலட் எண்டு ஒண்டு வராது.

உப்புவெளி மகள், உங்கட றோட்டரின்ர ஆரை எவ்வளவு? 3000 சுற்று எண்டு சொன்னால் எனக்கு ஒண்டும் விளங்காது. குழாய்க்கு எத்தினை ஜி, அதாவது புவியீர்ப்பின்ர எத்தினை மடங்கு விசை, கிடைச்சது எண்டதுதான் கணக்கு.

உப்புவெளிக்காரி:
மூடியில 11 சென்ரிமீற்றர் எண்டு கிடக்கு, சேர். குழாயின்ர அடி வரைக்கும்.

பழைய_டெமோ:
அப்ப இதில போடுங்கோ. RCF எண்டதுதான் அந்த ஜி, r ஆரை சென்ரிமீற்றரில, N நிமிசத்துக்கு எத்தினை சுற்று.

```
RCF = 1.118 × 10^-5 × r × N^2
```

11 சென்ரிமீற்றரில 3000 சுற்றுக்கு 1107 ஜி வருது. கருவுக்கு வழக்கமா 600 ஜி, 10 நிமிசம். உங்கட தாளை எழுதினவர் 6 சென்ரிமீற்றர் றோட்டரில செய்திருப்பார் போல, அதில 3000 சுற்றுக்கு 604 ஜி வரும். மெசின் மாறினது, தாள் மாறேல்லை. உங்கட றோட்டரில 600 ஜிக்கு 2200 சுற்றுப் போதும். 9000 சுற்று 10,000 ஜி வருது, அது சரி.

ஆனால் இதோட நிண்டிடாதையுங்கோ, இது மட்டும் 61ஐ விளக்காது. 10,000 ஜியில 10 நிமிசத்தில இழைமணி எல்லாம் இறங்குது எண்டால், அதுக்கு 1,00,000 ஜி-நிமிசம் வேணும். நீங்கள் முதல் சுத்தில குடுத்தது 11,070. அப்ப பதினொண்டு வீதம்தான் இறங்கியிருக்கலாம். உண்மையில 5,000 ஜியே காணும் எண்டு வச்சாலும் 22 தான். மிச்சம் தனி இழைமணியா இறங்கேல்லை, பெரிய ஏதோ ஒண்டோட சேர்ந்துதான் இறங்கியிருக்கு. ஒண்டில் உடையாத முழுக் கலங்கள், இல்லாட்டி ஒட்டித் திரண்ட கட்டிகள். முதல் பெலட்டில ஒரு துளி எடுத்து மெதிலீன் நீலம் போட்டு நுணுக்குக்காட்டியில பாருங்கோ.

இன்னொண்டு, சுக்குரோசை எந்தத் தண்ணியில கரைச்சனீங்கள்?

உப்புவெளிக்காரி:
பெலட்டை குளிரில வச்சிருந்தனாங்கள், இண்டைக்குப் பார்த்தம். நீலக் கரு உருண்டை உருண்டையா இருக்கு. ஆனால் மூண்டில ஒண்டு மாதிரி முழுக் கலமாவே கிடக்கு, கருவைச் சுத்திக் குழியவுருவும் அப்பிடியே. அதோட சின்னச் சின்ன மணிகள் கும்பலா ஒட்டிக் கிடக்கு.

தண்ணி விசயத்தைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. கரண்ட் போய் காய்ச்சி வடிச்ச தண்ணி முடிஞ்சு போச்சு. கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சு வடிகட்டிக் கரைச்சம். தாளில ஈடிடிஏ எண்டு இருந்தது, தேவையில்லை எண்டு விட்டிட்டம்.

பழைய_டெமோ:
ரெண்டும் கிடக்கு! நாலு இழுவை காணாது. ஈரல் மெதுவான இழையம்தான், ஆனாலும் உலக்கை குழாயோட இறுக்கமா நிண்டு ஆறு எட்டுத் தரமாவது போக வேணும். ஒவ்வொரு ரெண்டு இழுவைக்கும் ஒருக்கா ஐஸில வையுங்கோ, உரசிற சூடே இழைமணிக்கு ஆகாது. அதுக்காக இருபது முப்பது இழுக்காதையுங்கோ, கரு வெடிச்சு டிஎன்ஏ பசை மாதிரி எல்லாத்தையும் ஒட்டிப் பிடிக்கும்.

கிணத்துத் தண்ணியில கல்சியம் இருக்கும், கொதிக்க வச்சால் முழுக்கப் போகாது. கல்சியம் மென்சவ்வுகளை ஒண்டோட ஒண்டு ஒட்ட வைக்கும். 1 மில்லிமோலர் ஈடிடிஏ அதைக் கட்டிப் பிடிக்கத்தான். உப்புக் கரைசலிலயும் புன்னங்கம் இப்பிடித்தான் திரளும். அந்தத் தொல்லையாலதான் 1948இல ஹோக்பூம், ஷ்னைடர், பலாடே மூண்டு பேரும் சுக்குரோசுக்கு மாறினது.

முதல் பெலட்டை எறியாமல் அதே கரைசலில மெதுவாக் கரைச்சு, திரும்ப 600 ஜியில சுத்தி, ரெண்டு மேல்திரவத்தையும் ஒண்டாச் சேருங்கோ. வாளி மணல் இப்பிடித்தான் திரும்பக் கிடைக்கும்.

கலவியல்_2:
சரி, பருமன்தான் எண்டு ஒத்துக்கொள்ளுறன். அப்ப ரெண்டாவது பெலட் சுத்தமான இழைமணிதானே?

பழைய_டெமோ:
இல்லை. இலைசோசோமும் பெரொக்சிசோமும் கிட்டத்தட்ட அதே பருமன், அவையும் அதுக்குள்ளதான் வரும். அதில இலைசோசோமின்ர நொதியான அமிலப் பொசுபற்றேசை அளந்து பாருங்கோ, கட்டாயம் இருக்கும். அங்கதான் அடர்த்தி உதவும், சுக்குரோசுச் செறிவை அடுக்கடுக்கா மாத்தி மிதக்க விட வேணும். அதுக்கு வேற மெசின் வேணும்.

உப்புவெளிக்காரி:
நேற்றுத் திரும்பச் செய்தம். வடிச்ச தண்ணி, ஈடிடிஏ, எட்டு இழுவை, 2200 சுற்று, பெலட்டை ஒருக்காக் கழுவினது. இப்ப முதல் பெலட்டில 27, ரெண்டாவதில 57, திரவத்தில 8. முழுக் கலம் அங்கொண்டு இங்கொண்டுதான். நன்றி சேர்!

பழைய_டெமோ:
நல்லது. ஆனால் அஞ்சையும் ஒரே நாளில மாத்திப் போட்டீங்கள், எது உதவினது எண்டு இனி எப்பிடிச் சொல்லுறது? அந்த 27 இன்னும் கூடத்தான்.

உப்புவெளிக்காரி:
ஈடிடிஏயை மட்டும் எடுத்திட்டு, மற்றதெல்லாம் இதே மாதிரி வச்சு வெள்ளிக்கிழமை ஒருக்காச் செய்யப் போறம். ஈரலுக்குச் சொல்லி வச்சிட்டன்.

லேப்_முரளி:
மூடியில ஆரை எழுதியிருக்கிறதை நான் இண்டைக்குத்தான் பார்த்தன். எங்கடது 14.